done என்றால் எது முடிந்தது?

2007-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றுவந்த சிலருக்கு வாரம் ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் ஒரே ஒரு சொல்: Mambo? ஸ்வாஹிலி பேச்சு வழக்கில் ‘என்ன சேதி, நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்பது அது. நோயின் பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. வீட்டில் வேறு யாராவது செல்போனை எடுத்துப் பார்த்தாலும் நண்பர் யாரோ நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பதிலை 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். நலமாக இருந்தால் Sawa, ஏதாவது சிக்கல் என்றால் Shida. Shida என்று வந்தால் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். பதிலே வராவிட்டாலும் அழைப்பார்கள்.

‘வெல்டெல் கென்யா’ என்ற இந்த ஆய்வு மூன்று மருத்துவமனைகளில் 538 நோயாளிகளை வைத்து நடந்தது. 2010-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. குறுஞ்செய்தி பெற்ற 273 பேரில் 168 பேர் மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தார்கள், அதாவது 62 சதவீதம். செய்தி பெறாத 265 பேரில் அது 132 பேர், 50 சதவீதம். ரத்தத்தில் கிருமியின் அளவு கட்டுக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கையும் செய்தி பெற்றவர்களிடையே கூடுதலாகவே இருந்தது. வாரத்துக்கு ஒரு சொல் கேள்வி, ஒரு சொல் பதில், தேவைப்பட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு. இவ்வளவுதான் செலவு.

அந்தப் பதில்களைப் படித்தது மனிதர்கள். அந்த இடத்தில் இன்று பெரும்பாலும் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. ‘மாத்திரை போட்டாச்சா?’, ‘இன்று மனநிலை 1 முதல் 5 வரை எவ்வளவு?’, ‘இன்றைய வேலை முடிந்ததா?’ என்று தினமும் ஒரு நேரத்தில் வந்து விசாரிக்கும் செக்-இன் பாட்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அலுவலக அரட்டைச் செயலிகளிலும் நிறைந்துவிட்டன. பதிலை ஒற்றைச் சொல்லாகவே கேட்கின்றன: done, skip, அல்லது ஓர் எண். அனுப்புபவருக்கு அது எளிது. படிக்கும் நிரலுக்கும் எளிதுதானே என்று தோன்றும். உண்மையில் நீண்ட வாக்கியத்தைவிட ஒற்றைச் சொல்லில்தான் பாட் அதிகம் இடறுகிறது. வாக்கியம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். ‘நேற்று ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டேன்’ என்பதில் என்று, எது, என்ன ஆயிற்று என்ற மூன்றும் இருக்கின்றன. done என்பதில் மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் கேட்டவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாட் என்றால் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்பது நம் நினைப்பு. சாதாரணமாக எழுதப்பட்ட பாட் எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒரு செய்தி வந்தால் விழித்துக்கொள்ளும், அதைப் படிக்கும், பதில் அனுப்பும், மறந்துவிடும். அடுத்த செய்தி அதற்குப் புது ஆள் அனுப்பியது மாதிரிதான். எனவே இதைக் கட்டுபவர்கள் முதலில் செய்வது, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு குறிப்பு வைப்பது: இந்த எண்ணுக்குக் கடைசியாக எந்தக் கேள்வி போனது, அது எந்தத் தேதிக்கானது, எந்த வகைப் பதிலை எதிர்பார்க்கிறது, எத்தனை மணிவரை காத்திருக்கலாம். பதில் வந்ததும் சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். செல்வி அம்மாள், வயது 58, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறார். அவருடைய மருத்துவமனையின் பாட் தினமும் இரவு எட்டு மணிக்கு வரிசையாக மூன்று கேள்விகள் கேட்கும். ஒன்று, ‘இரவு மாத்திரை போட்டாச்சா? போட்டிருந்தால் done, இன்று பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் skip.’ இரண்டு, ‘இன்று உடம்பு எப்படி? 1 மிக மோசம், 5 மிக நன்று.’ மூன்று, ‘நேற்று தூக்கம் எப்படி? 1 மிக மோசம், 5 மிக நன்று.’ இந்தச் சின்னப் பாட்டில் எங்கெல்லாம் கோளாறு வரும் என்று பார்த்தாலே இந்தத் தொழிலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதல் கேள்விக்கு அவர் done என்று அனுப்புகிறார். திரையில் நமக்கு நான்கு எழுத்து. நிரலுக்கு அது Done, DONE, ‘done.’, முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டிய done என்று பல வேடத்தில் வரும். விசைப்பலகையே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும், கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். இதைச் சுத்தம் செய்வது எளிது: எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, ஓரங்களில் உள்ள வெற்றிடத்தையும் புள்ளியையும் வெட்டிவிடலாம். தமிழில் எழுதினால் இன்னொரு படியும் உண்டு. ‘போட்டாச்சு’ என்பதில் உள்ள ‘போ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொல். யூனிகோடின் இயல்பாக்கம் என்ற வசதியைப் பயன்படுத்தி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இதை மறந்த பாட் ஒருவரின் ‘போட்டாச்சு’வை ஏற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் ‘போட்டாச்சு’வைப் புரியவில்லை என்று திருப்பி அனுப்பும்.

சுத்தம் செய்தபின் வருவது உண்மையான சிக்கல். செய்தியில் done என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடலாமா, அல்லது செய்தி முழுவதுமே done ஆக இருக்க வேண்டுமா? புதிதாகப் பாட் எழுதுபவர்கள் முதல் வழியைப் பிடிப்பார்கள், தாராள மனதாகத் தெரியும் என்பதால். not done என்று வந்தால் அதிலும் done இருக்கிறது. ‘இன்னும் done ஆகல’ என்பதிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் abandoned என்ற சொல்லுக்குள்ளேயே done ஒளிந்திருக்கிறது. மாத்திரை போடாதவரைப் போட்டதாகக் குறித்துக்கொள்வதுதான் இந்தப் பாட் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, அதற்கு மிகச் சுருக்கமான வழி இது. முழுச் செய்தியும் தெரிந்த சொல்லாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள், ஒரு சொல் கூடினாலும் தனியே எடுத்து வை என்பது கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும் சரியான விதி. யுனிசெஃப் பல நாடுகளில் பயன்படுத்தும் ராபிட்ப்ரோ என்ற திறந்த மூலநிரல் மென்பொருளில் இதற்கென்றே இரண்டு தனிச் சோதனைகள் வைத்திருக்கிறார்கள். has_phrase என்றால் அந்தத் தொடர் செய்திக்குள் எங்காவது இருந்தால் போதும், has_only_phrase என்றால் அது மட்டுமே இருக்க வேண்டும். எதை எங்கே போடுவது என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துப்பிழையை என்ன செய்வது? doen, dome, don என்று வருவது தினசரி வழக்கம். பிரெடெரிக் டமெராவ் என்ற ஆய்வாளர் 1964-லேயே, எழுத்துப்பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஓர் எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது அல்லது பக்கத்து எழுத்தோடு இடம் மாறுவது என்ற நான்குக்குள் அடங்கிவிடும் என்று காட்டினார். அதை வைத்து ‘ஓர் எழுத்துப் பிசகு இருந்தால் மன்னித்து ஏற்றுக்கொள்’ என்று எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும். நீளமான சொற்களுக்கு அது சரி. நான்கெழுத்துச் சொல்லுக்கு அது ஆபத்து. done என்பதிலிருந்து ஓர் எழுத்துத் தள்ளி நிற்பது none. எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்ற நினைப்பில் none என்று எழுதியவரை, பிழையாக எழுதிவிட்டார் பாவம் என்று done கணக்கில் சேர்த்துவிடும் பாட். பழைய பொத்தான் செல்போன்களில் இன்னொரு விசித்திரம். அகராதி முறையில் தட்டும்போது 3, 6, 6, 3 என்று அழுத்தினால் done வரும், அதே நான்கு பொத்தான்களுக்கு food என்ற சொல்லும் வரும். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டதற்கு food என்று பதில் வந்தால் அது என்ன என்பதை எழுத்துத் தூரக் கணக்கு ஒருநாளும் கண்டுபிடிக்காது. எனவே அனுபவப்பட்டவர்கள் பொதுவான மன்னிப்பு விதி எழுதுவதில்லை. உண்மையில் வந்த பிழைகளைக் கையால் பார்த்து, சந்தேகமில்லாதவற்றை மட்டும் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

பட்டியலில் சேர்க்கவே கூடாத ஒரு சொல் உண்டு. அது ok.

done-க்கு மாற்றாக வரும் சொற்களை எழுதச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ok-தான். ‘சரி’, ‘ம்’, கட்டைவிரல் படம் எல்லாம் அதே குடும்பம். ஆனால் ‘மாத்திரை போடுங்கள்’ என்று வந்த நினைவூட்டலுக்குச் செல்வி அம்மாள் ‘சரி’ என்று அனுப்பினால் என்ன பொருள்? ‘சரிப்பா, போடறேன்’ என்று பொருள். செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கான அடையாளமே தவிர, மாத்திரை வயிற்றுக்குள் போனதற்கு அது சாட்சி அல்ல. கேள்வியை ‘போட்டாச்சா?’ என்று கேட்டால்கூட மரியாதைக்காகச் சரி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது பாட் செய்ய வேண்டியது ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்பதுதான்: ‘நன்றி. மாத்திரை போட்ட பிறகு done என்று அனுப்புங்கள்.’ கேள்வி எதிர்மறையாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ‘மறந்துட்டீங்களா?’ என்பதற்கு ‘இல்ல’ என்றால் போட்டுவிட்டார். ‘போட்டீங்களா?’ என்பதற்கு ‘இல்ல’ என்றால் போடவில்லை. ஒரே சொல், நேரெதிர் பொருள். நல்ல பாட்டில் எதிர்மறைக் கேள்வி இருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். எண் என்பதால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். 4 என்றால் 4-தானே? செல்வி அம்மாள் 4 என்றும் அனுப்பலாம், ‘நாலு’ என்றும் அனுப்பலாம், naalu என்று ஆங்கில எழுத்திலும் அனுப்பலாம், 4/5 என்றும் அனுப்பலாம், எண்ணைக் கட்டத்துக்குள் போட்ட எமோஜியாகவும் அனுப்பலாம். தமிழ் எண்ணில் ௪ என்று அனுப்புபவர் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இங்கே நிரல்மொழிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பைத்தானில் int("௪") என்று கேட்டால் 4 என்று சரியாகச் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் parseInt("௪") என்று கேட்டால் NaN, அதாவது எண்ணே அல்ல என்று கைவிரிக்கும். அதே parseInt, ‘4 மணிக்குத்தான் சாப்பிட்டேன்’ என்று வந்தால் முதலில் உள்ள 4-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். உடம்பு நன்றாக இருக்கிறது, ஐந்துக்கு நான்கு என்று பதிவாகும். மதியச் சாப்பாடு தாமதமானதைச் சொல்ல வந்த ஒரு சர்க்கரை நோயாளியின் செய்தி அது.

ராபிட்ப்ரோவில் எண் படிக்கும் பகுதியில் ஒரு சுவையான தந்திரம் இருக்கிறது. எண் எதிர்பார்க்கும் இடத்தில் ஆங்கிலச் சிறிய l வந்தால் அதை 1 என்றும், o வந்தால் 0 என்றும் மாற்றிப் படிக்கும். குறுஞ்செய்தி அனுப்புபவர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள் என்ற அனுபவத்தில் வைத்தது. இந்த விதிப்படி பார்த்தால் lol என்று சிரித்தவரின் பதில் 101 ஆகிவிடும். 1 முதல் 5 வரை என்ற வேலி இருப்பதால் அது உள்ளே வராது. வேலி போடுவது அதனால்தான் முக்கியம். 0, 6, 45 என்று வந்தவற்றைப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிச் சரிக்கட்டக் கூடாது. 45 என்று வந்தது 4-ஆ 5-ஆ, அல்லது 4-க்கும் 5-க்கும் நடுவிலா என்பது அனுப்பியவருக்குத்தான் தெரியும்.

எண்ணைச் சரியாகப் படித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்தப் பக்கம் நல்ல பக்கம்? நம் பள்ளிகளில் முதல் ரேங்க் என்றால் உச்சி. ஆஸ்திரியாவின் பள்ளிகளில் மதிப்பெண்ணே 1 முதல் 5 வரைதான், அங்கே 1 மிகச் சிறப்பு, 5 தோல்வி. மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் பயன்படும் இ.எஸ்.ஐ. என்ற ஐந்து படி அளவுகோலில் 1 என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து, 5 என்றால் காத்திருக்கலாம். வலியைக் கேட்டால் பெரிய எண் மோசம், நட்சத்திர மதிப்பீட்டில் பெரிய எண் நல்லது. ஆகவே ‘இன்று எப்படி, 1–5?’ என்று மட்டும் கேட்கும் பாட் தனக்கு வரும் எண்ணின் பொருளைத் தெரிந்துகொள்ளாமலேயே சேமித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு முனைகளின் பொருளையும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கேள்வியிலும் எழுத வேண்டும். முதல் நாள் மட்டும் சொன்னால் போதாது, பத்தாம் நாள் யாருக்கும் நினைவிருக்காது. வலியும் தூக்கமும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து இருந்தால் இரண்டின் திசையையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது. அளவு திரும்பிப் புரிந்துகொண்டவரை அடையாளம் காணவும் வழி உண்டு: உடம்புக்கு எப்போதும் 1 போட்டுவிட்டு, எழுத்தில் ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதுபவர் அவர்.

இனி நேரம். இதில்தான் சத்தமில்லாமல் தவறு நடக்கும்.

திங்கள் இரவு எட்டு மணிக்குக் கேள்வி போகிறது. செல்வி அம்மாள் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். செவ்வாய் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்து done என்று அனுப்புகிறார். அது திங்கள் மாத்திரைக்கான பதில். வந்த நேரத்தை வைத்து நாளைத் தீர்மானிக்கும் பாட் அதைச் செவ்வாய்க் கணக்கில் எழுதும். திங்கள் காலியாகவும், இன்னும் போடாத செவ்வாய் மாத்திரை போட்டதாகவும் நிற்கும். இதில் ஒரு வேடிக்கை: பாட் ஓடும் கணினி பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நமக்குச் செவ்வாய் காலை ஐந்து மணி என்பது அந்தக் கணினிக்குத் திங்கள் இரவு பதினொன்றரை. எனவே தவறாக எழுதப்பட்ட பாட் தற்செயலாகச் சரியான விடையைத் தந்துவிடும். அதே அம்மாள் ஆறு மணிக்கு எழுந்தால் தந்திருக்காது. சோதித்துப் பார்த்தபோது சரியாக இருந்ததே என்று எழுதியவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

சரியான வழி, பதிலை வந்த நேரத்தோடு முடிச்சுப் போடாமல் கேள்வியோடு முடிச்சுப் போடுவது. திங்கள் கேள்வி இன்னும் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் done அதற்குத்தான். செவ்வாய் இரவு அடுத்த கேள்வி போகும்போது திங்கள் கேள்வியை மூடிவிட வேண்டும். மூடும் முன் பதில் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுத வேண்டும். இரண்டு கேள்விகள் ஒரே நேரத்தில் திறந்திருக்க விடவே கூடாது. விட்டால் ஒற்றைச் சொல் எதைச் சேர்ந்தது என்பதற்கு விடையே இல்லை.

தட்டச்சு செய்யச் சொல்லாமல் பொத்தான் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு போய்விடும். வாட்ஸ்அப், டெலிகிராம் பொத்தான்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை வைக்க முடியும். ‘திங்கள், முதல் கேள்வி, done’ என்பதை அந்தக் குறியிலேயே எழுதிவிட்டால், அம்மாள் புதன்கிழமை மேலே போய்த் திங்கள் பொத்தானை அழுத்தினாலும் அது திங்களுக்கே சேரும். ஆனால் வாட்ஸ்அப்பின் சாதாரணப் பதில் பொத்தான் செய்தியில் மூன்று பொத்தான்களுக்கு மேல் வைக்க முடியாது. done, skip இரண்டுக்கும் இடம் உண்டு, 1 முதல் 5 வரை வைக்க இடமில்லை. அதற்குப் பத்து வரிகள்வரை கொள்ளும் பட்டியல் வடிவம் இருக்கிறது, அதைத் திறக்கக் கூடுதலாக ஒரு தட்டு வேண்டும். அந்த ஒரு தட்டுக்குச் சோம்பல்பட்டு மக்கள் 4 என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். பொத்தான் வைத்தாலும் எழுத்தைப் படிக்கும் வேலை ஒழிவதில்லை.

மூன்றாவது கேள்வி இருப்பதால் இன்னொரு பொல்லாத தவறும் நடக்கும். செய்திச் சேவைகள் ஒரு செய்தியைப் பாட்டிடம் ஒப்படைத்துவிட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புதலுக்குக் காத்திருக்கும். ஒப்புதல் தாமதமானால் அதே செய்தியை மறுபடியும் ஒப்படைக்கும். உடம்பு எப்படி என்ற கேள்விக்குச் செல்வி அம்மாள் 2 என்று ஒருமுறைதான் அனுப்பினார். பாட் அதைப் பதிவு செய்து, தூக்கம் எப்படி என்ற அடுத்த கேள்வியையும் அனுப்பிவிட்டது. அதற்குள் அதே 2 இரண்டாம் முறை வந்து சேர்கிறது. பாட் இப்போது எதிர்பார்ப்பது ஓர் எண். வந்திருப்பதும் ஓர் எண். தூக்கம் 2 என்று எழுதிவிட்டு நன்றி சொல்லிவிடும். எங்கும் பிழைச் செய்தி வராது, புகாரும் வராது. ஒவ்வொரு செய்திக்கும் சேவை தரும் தனி அடையாள எண்ணைக் குறித்துவைத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் ஒதுக்கிவிடுவதுதான் மருந்து. இந்தத் தவறு நடக்கிறதா என்று பழைய பதிவுகளில் தெரிந்துகொள்ளலாம்: அடுத்தடுத்த இரண்டு கேள்விகளுக்கு ஒரே எண், இரண்டுக்கும் இடையில் ஓரிரு நொடிதான் இடைவெளி. அவ்வளவு வேகமாகக் கேள்வியைப் படித்துப் பதில் அனுப்ப யாராலும் முடியாது.

skip என்ற சொல்லுக்கு வருவோம். பாட் வடிவமைப்பில் இது கடைசியாகச் சேர்க்கப்படும், முதலில் கெட்டுப்போகும். skip என்றால் ‘இன்று சொல்ல விரும்பவில்லை’. மாத்திரை போடவில்லை என்று பொருள் அல்ல. செல்வி அம்மாளுக்கு வந்த கேள்வியைத் திரும்பப் பாருங்கள்: போட்டிருந்தால் done, சொல்ல விருப்பமில்லை என்றால் skip. போடவில்லை என்று நேராகச் சொல்ல அங்கே வழியே இல்லை. போடாதவர் skip-இல் போய் ஒளிந்துகொள்வார், மருத்துவமனைக்கு அது தெரியவே போவதில்லை. ‘இல்லை’ என்ற மூன்றாவது பதில் அவசியம்.

சேமிக்கும்போதும் done, இல்லை, skip, பதில் வரவில்லை, வந்தது புரியவில்லை என்று ஐந்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். பலர் skip-க்கும் பதில் வராததற்கும் 0 என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் உடம்புக்கான பதில்கள் 4, 4, skip, 3, பதில் இல்லை, 4, 5 என்று வைத்துக்கொள்வோம். பதில் வந்த ஐந்து நாட்களின் கூட்டுத்தொகை 20, சராசரி 4. நலமாகத்தான் இருக்கிறார். இரண்டு இடத்தில் 0 போட்டு ஏழால் வகுத்தால் சராசரி 2.86. நன்றாக இருக்கும் அம்மாளைத் தேடி மருத்துவமனையிலிருந்து அழைப்பு போகும். அதே 0-வை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே பதில் நின்றுபோனவரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கென்யாவில் பதில் வராததையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது.

skip கேட்கும் இடத்தில் மக்கள் cancel என்றும் stop என்றும் எழுதுவார்கள். அமெரிக்காவில் குறுஞ்செய்தி வழியாக ஓடும் பாட்களுக்கு இது ஒரு பள்ளம். அங்கே STOP, CANCEL, END, QUIT, UNSUBSCRIBE போன்றவை ‘இனி எனக்குச் செய்தி அனுப்பாதே’ என்பதற்கான ஒதுக்கப்பட்ட சொற்கள். ட்விலியோ போன்ற சேவைகள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் தாங்களே அந்த எண்ணுக்குச் செய்தி போவதை நிறுத்திவிடும். இன்று மட்டும் வேண்டாம் என்று நினைத்து cancel அனுப்பியவருக்கு நாளையும் வராது, மறுநாளும் வராது. பாட் அனுப்ப முயன்றால் 21610 என்ற பிழை எண்தான் திரும்பி வரும். அவர் START என்று அனுப்பும்வரை இதுதான் நிலை. பதில் வராதவர்கள் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்துகொள்ளும். எனவே பாட்டின் கேள்விகளில் இந்தச் சொற்களைப் பதிலாகத் தரவே கூடாது, அந்தப் பிழை எண் வந்தவர்களைத் தனியே கவனிக்கவும் வேண்டும்.

எஞ்சியது புரியாத பதில். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று வந்தால் பாட் ஒருமுறை கேட்கலாம், அதுவும் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி: ‘1 முதல் 5 வரை ஓர் எண் மட்டும் அனுப்புங்கள்.’ இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் மறுபடி கேட்காமல் ஒரு மனிதரிடம் தள்ளிவிட வேண்டும். ‘தலை சுத்துது’ என்று எழுதியவரிடம் மூன்றாம் முறையும் எண் கேட்பதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒற்றைச் சொல் கேட்ட இடத்தில் ஒருவர் மெனக்கெட்டு நீளமாக எழுதினால், அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மருத்துவமனைப் பாட்டில் அந்தச் செய்திகள் அன்றே ஒரு செவிலியர் கண்ணில் பட வேண்டும். பாட் புரிந்துகொண்ட பதிலுக்கும் ஒரு சிறு உறுதிமொழி தேவை: ‘திங்கள் இரவு மாத்திரை போட்டதாகக் குறித்துக்கொண்டோம். தவறு என்றால் மாற்று என்று அனுப்புங்கள்.’ நாளின் பெயர் அதில் இருப்பதால், தேதி தவறியிருந்தால் செல்வி அம்மாளே கண்டுபிடித்துவிடுவார்.

இப்படி ஒரு பாட் உங்களுக்கும் தினமும் செய்தி அனுப்புகிறது என்றால், அதன் மறுபக்கத்தில் நடப்பது இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு பதில் அனுப்புங்கள். மாத்திரையைப் போட்ட பிறகு done அனுப்புங்கள், போடப்போகிறேன் என்பதற்கு ok அனுப்பாதீர்கள். எண் கேட்டால் எண்ணை மட்டும் ஒரு செய்தியாகவும், சொல்ல வேறு ஏதாவது இருந்தால் அதைத் தனிச் செய்தியாகவும் அனுப்புங்கள். நேற்றைய கேள்விக்கு இன்று பதில் சொல்வதானால், அந்தக் கேள்வியையே அழுத்திப் பிடித்து அதற்குக் கீழே பதில் கொடுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.